கரையில் ஒருவர், தண்ணீரில் அவர் பிம்பம்

குளக்கரையில் எடுத்த குடும்பப் படத்தில், அன்றைக்கு வர முடியாமல் போன ஒருவரைப் பிறகு சேர்த்துக் கொடுப்பது இன்று சிறிய ஊர் ஸ்டுடியோக்களிலும் நடக்கும் வேலை. ஆளைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுப்பதும், உயரத்தைப் பக்கத்தில் நிற்பவர்களோடு ஒப்பிட்டுச் சரிசெய்வதும், வெயிலின் நிறத்துக்கு ஏற்ப முகத்தின் நிறத்தை மாற்றுவதும் பழகிய கைக்கு அரை மணி நேர வேலைதான். தண்ணீர் இருக்கும் படத்தில் அதோடு வேலை முடிவதில்லை. கரையில் ஐந்து பேர் நிற்க, தண்ணீரில் நான்கு பேர் மட்டும் தெரிந்தால் படம் பார்ப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். ஐந்தாவது பிம்பம் இருந்தும் அது தவறான இடத்தில் விழுந்திருந்தால், என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ ஒட்டவில்லை என்று அவருக்குத் தோன்றும்.

பெரும்பாலும் செய்யப்படுவது இதுதான்: ஆளின் படத்தைப் பிரதி எடுத்து, Flip Vertical கொடுத்துத் தலைகீழாக்கி, தண்ணீர் தொடங்கும் கோட்டில் ஒட்டவைத்து, கொஞ்சம் மங்கலாக்கிவிடுவது. பாதம் தண்ணீரைத் தொட்டபடி நிற்பவர் என்றால் இது ஓரளவு பொருந்தும். கரை உயர்ந்திருந்தாலோ, அவர் விளிம்பிலிருந்து தள்ளி நின்றாலோ பொருந்தாது. காரணம், அசையாத தண்ணீர் ஒரு தட்டையான கண்ணாடி. ஒரு பொருள் அந்த மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, அதன் பிம்பம் அவ்வளவு கீழே இருப்பதுபோல் தெரியும். இந்த மட்டம் கரையோரத்தோடு நின்றுவிடுவதில்லை. கணக்குக்கு அது கரைக்கு அடியிலும் தொடர்கிறது. கரையில் நிற்பவரின் காலுக்கு நேர் கீழே, மண்ணுக்குள், தண்ணீர் மட்டம் எங்கே வருமோ அங்கேதான் அவருடைய மடிப்புக் கோடு இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். செங்குத்தான கருங்கல் சுவர் கட்டிய குளம். சுவரின் மேல் விளிம்பு தண்ணீருக்கு 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அதன்மேல் சமமான நடைபாதை. சுவர் விளிம்பிலிருந்து 2 மீட்டர் உள்ளே, 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் நிற்கிறார். எதிர்ப்பக்கத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தொலைவில், தண்ணீருக்கு 150 செ.மீ. உயரத்தில் கேமரா. அது மேலேயோ கீழேயோ சாயாமல் நேராகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஆள் கேமராவிலிருந்து 12 மீட்டரில் இருக்கிறார். அந்தத் தொலைவில் 1 செ.மீ. என்பது படத்தில் 5 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் அவர் 800 பிக்சல் உயரம் வருவார். சுவர் 10 மீட்டரில்தான் இருக்கிறது. அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால் அங்கே 1 செ.மீ. 6 பிக்சலாகும்.

இனி அவருடைய பாதத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணலாம். 90 பிக்சல் வரை நடைபாதை தெரிகிறது. அங்கே சுவரின் மேல் விளிம்பு. அதிலிருந்து 360 பிக்சல் சுவர் இறங்கி, 450-ல் தண்ணீரைத் தொடுகிறது. அடுத்த 360 பிக்சல் சுவரின் பிம்பம். அது 810-ல் முடிகிறது. ஆளின் மடிப்புக் கோடு எங்கே? பாதம் தண்ணீர் மட்டத்துக்கு 60 செ.மீ. மேலே இருப்பதால், அது 60 × 5, அதாவது 300-ல் விழுகிறது. அந்த இடம் படத்தில் சுவரின் மேல் இருக்கிறது, தண்ணீரிலேயே இல்லை. அங்கிருந்து இன்னொரு 300 இறங்கினால், 600-ல் பிம்பத்தின் பாதம். 1400-ல் பிம்பத்தின் தலை. ஆனால் 810 வரை சுவரின் பிம்பம் மறைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே பிம்பத்தின் முதல் 210 பிக்சல், அதாவது அவருடைய காலில் 42 செ.மீ., தண்ணீரில் தெரியவே கூடாது. முழங்கால் அளவிலிருந்துதான் அவர் தெரியத் தொடங்க வேண்டும்.

தலைகீழ்ப் பிரதியைத் தண்ணீர்க் கோட்டில் ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாதம் 450-ல், சுவரின் பிம்பத்தின் மேலேயே வந்து உட்கார்ந்திருக்கும். தலை 1250-ல் நின்றிருக்கும், சரியான இடத்துக்கு 150 பிக்சல் மேலே. அவருக்குப் பக்கத்தில் உண்மையாகவே நின்றவர்களின் பிம்பங்கள் முழங்காலுக்கு மேல் மட்டும் தெரிய, இவர் மட்டும் செருப்போடு முழுசாகத் தெரிவார்.

நடைமுறையில் யாரும் குளத்துக்கு டேப் கொண்டுபோய் அளப்பதில்லை. தேவையான அளவுகள் படத்திலேயே இருக்கின்றன. அதே தொலைவில் நிற்கும் ஒருவரையோ, ஒரு விளக்குக் கம்பத்தையோ தேர்ந்தெடுத்து, அதன் உச்சிக்கும் பிம்பத்தின் உச்சிக்கும் நடுப்புள்ளியைக் குறித்தால் அந்தத் தொலைவுக்கான மடிப்புக் கோடு கிடைத்துவிடும். புதிய ஆளை அதே தொலைவில் நிறுத்தி, அதே கோட்டில் மடிக்க வேண்டும். பிறகு சுவரின் பிம்பம் முடியும் இடம் வரை Layer Mask போட்டு மறைத்துவிட்டால் வடிவம் சரியாகிவிடும். கேமரா சாய்ந்திருந்தால் மட்டும் இந்த நடுப்புள்ளி சற்றுப் பிசகும்.

இந்த இடத்தில் இன்னொரு தவறு எளிதாக நுழையும். படத்தைத் தலைகீழாக்குவதற்குப் பதில் 180 பாகை சுழற்றிவிடுவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் சுழற்றினால் இடமும் வலமும் மாறிவிடும். கரையில் படத்தின் இடப்பக்கம் நீட்டியிருக்கும் கை தண்ணீரிலும் இடப்பக்கம்தான் நீள வேண்டும்.

இடம் சரியானாலும் உருவம் சரியாகிவிட்டதென்று சொல்ல முடியாது. பிம்பம் என்பது தண்ணீருக்கு அடியில் இன்னொரு கேமரா இருந்து மேலே பார்த்தால் தெரியும் காட்சி. மேலே உள்ள எடுத்துக்காட்டில் உண்மையான கேமரா தண்ணீருக்கு 150 செ.மீ. மேலே இருக்கிறது. பிம்பத்தைப் பார்க்கும் கற்பனைக் கேமரா 150 செ.மீ. கீழே இருக்கிறது. இரண்டு பார்வைக்கும் நடுவே 3 மீட்டர் உயர வித்தியாசம். 12 மீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய 14 பாகைக் கோணம். அந்தக் கோணத்தில் தாடையின் அடிப்பக்கம் தெரியும், மூக்குத் துவாரம் தெரியும், குடை பிடித்திருந்தால் அதன் உள்பக்கக் கம்பிகள் தெரியும், தலைக்குப் பின்னால் இருக்கும் மரக்கிளை வேறு இடத்தில் தெரியும். முன்னால் எடுத்த ஒரே படத்தைத் தலைகீழாக்கினால் இவற்றில் எதுவும் வராது.

இந்தக் கோணம் எவ்வளவு பெரிது என்பதைத் தீர்மானிப்பது கேமராவின் உயரமும் தொலைவும்தான். அதே ஆளை 40 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால் வித்தியாசம் 4 பாகைக்குச் சுருங்கிவிடும். 12 மீட்டரிலேயே கேமராவைத் தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்துக்கு இறக்கினால் 2 பாகைதான் வரும். அத்தகைய படங்களில் தலைகீழ்ப் பிரதியே போதும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மற்ற படங்களுக்குச் சரியான வழி, ஆளை இரண்டு முறை படமெடுப்பது. முதல் படம் வழக்கமானது. இரண்டாவதற்கு, நம் எடுத்துக்காட்டின்படி, கேமரா அவருடைய பாதத்துக்கு 210 செ.மீ. கீழே இருக்க வேண்டும். தண்ணீருக்கு மேல் பாதத்தின் உயரம் 60, தண்ணீருக்குக் கீழ் கேமராவின் ஆழம் 150, இரண்டும் சேர்ந்து 210. மண்டப மேடையிலோ அகலமான படிக்கட்டின் உச்சியிலோ அவரை நிறுத்தி, 12 மீட்டர் தள்ளித் தரையோடு ஒட்டிக் கேமராவை நேராக வைத்து எடுத்தால் இது கிடைக்கும். உடை, நிற்கும் நிலை, வெயில் வரும் திசை மூன்றும் முதல் படத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும். அந்த இரண்டாவது படத்தைத்தான் தலைகீழாக்க வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். தண்ணீர் தன்மேல் விழும் ஒளி முழுவதையும் திருப்பி அனுப்புவதில்லை. நேர் மேலிருந்து குனிந்து பார்க்கும்போது 2 சதவீதம்தான் திரும்புகிறது. அதனால்தான் காலடியில் தண்ணீரின் அடித்தரை தெரிகிறது. பார்வை சாயச் சாயப் பிரதிபலிப்பு வேகமாகக் கூடும். நம் குளத்தில், முழங்கால் பக்கத்துப் பிம்பத்துக்கு ஏறக்குறைய 29 சதவீத ஒளி திரும்புகிறது. தலைப்பக்கத்துப் பிம்பம் கேமராவுக்குக் கிட்டத்தில், இன்னும் செங்குத்தான பார்வையில் விழுவதால் அங்கே சுமார் 18 சதவீதம்தான். ஆகவே ஒரே ஆளின் பிம்பமே முழங்காலிலிருந்து தலைக்குப் போகப் போக மங்க வேண்டும். லேயர் முழுவதற்கும் ஒரே Opacity கொடுத்தால் இந்தத் தேய்வு வராது. மாஸ்க்கில் மெல்ல மாறும் ஒரு Gradient இதைத் தரும்.

திரும்பாத ஒளி தண்ணீருக்குள் போகிறது. கலங்கிய குளத்தில் அது மண் துகள்களில் பட்டு, பழுப்பாகவோ பாசிப் பச்சையாகவோ வெளியே வருகிறது. இந்த நிறம் பிம்பத்தின்மேல் சேர்ந்துகொள்கிறது. விளைவு, வெள்ளை வேட்டி தண்ணீரில் மங்கித் தெரியும், கறுத்த தலைமுடி தண்ணீரில் சற்று வெளிறித் தெரியும். வெளிச்சமானது இருளும், இருண்டது வெளுக்கும். நீர்க்காட்சி தீட்டும் ஓவியர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் வழக்கம் இது. படத்தில் செய்வதற்கு Curves போதும். ஏற்கெனவே இருக்கும் ஒரு வெள்ளைப் பொருளையும் அதன் பிம்பத்தையும், ஒரு கறுத்த பொருளையும் அதன் பிம்பத்தையும் எடுத்து நான்கு இடத்தில் நிற அளவு பார்த்துக்கொண்டு, புதிய பிம்பத்தின் வெள்ளையையும் கறுப்பையும் அந்த அளவுகளுக்குக் கொண்டுவர வேண்டும். இதில் ஊகத்துக்கு இடம் வைக்காமல் இருப்பதே நல்லது. கண் பழகிவிட்டால் எந்த அளவும் சரியாகவே தோன்றும்.

அலை வந்தால் பிம்பத்தின் தன்மையே மாறுகிறது. ஒவ்வொரு சிற்றலையும் சற்றே சாய்ந்த ஒரு சிறு கண்ணாடி. அந்தச் சாய்வு பிம்பத்தைப் பக்கவாட்டில் அதிகம் நகர்த்துவதில்லை, மேலும் கீழுமாகவே இழுக்கிறது. விளக்குக் கம்பத்தின் வெளிச்சம் ஏரியில் நீண்ட கோடாக விழுவது இதனால்தான். எல்லாத் திசையிலும் ஒரேபோல் பரவும் Gaussian Blur கொடுத்த பிம்பம் ஒட்டாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். செங்குத்துத் திசையில் கொடுத்த Motion Blur அதைவிட நன்றாக இருக்கும். அதற்குமேல், தண்ணீரின் வெளிச்ச இருளையே வரைபடமாக வைத்து Displace கொடுத்தால், புதிய பிம்பமும் பக்கத்துப் பிம்பங்கள் உடையும் அதே அலையில் உடையும். எவ்வளவு கலைக்க வேண்டும் என்பதிலும் ஒரு வரிசை உண்டு. தண்ணீருக்கு அருகே இருக்கும் உறுப்பின் பிம்பம் குறைவாகவும், உயரே இருப்பதன் பிம்பம் அதிகமாகவும் சிதறும். இடுப்பு வரை கூர்மையாகத் தெரிந்து முகம் அடையாளம் தெரியாமல் கலைந்திருப்பது இயல்பு. முகம் தெளிவாகவும் கால் கலைந்தும் இருந்தால் அது பொய்.

காற்று நன்றாக வீசும் ஏரியில் ஆள் பிம்பமே விழாது. பக்கத்தில் நிற்பவர்களுக்குப் பிம்பம் இல்லாத படத்தில் புதியவருக்கு மட்டும் ஒன்றை அழகாகச் செய்து வைப்பது வீண் வேலை மட்டுமல்ல, அதுவே காட்டிக்கொடுக்கும். சட்டையின் நிறம் அலைகளில் ஒரு தீற்றலாகத் தெரிந்தால் போதும். வெயில் நிழலுக்கும் இதேபோல் ஒரு வரம்பு உண்டு. கலங்கிய தண்ணீரின் மேற்பரப்பில் நிழல் விழும். தெளிந்த தண்ணீரில் மேற்பரப்பில் விழாமல், ஆழம் குறைவாக இருந்தால் அடித்தரையில் விழும்.

கடைக் கண்ணாடிக்கும் இதே விதிதான். மட்டம் படுக்கையாக இல்லாமல் செங்குத்தாக நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மாற்றம் வேலையை இரட்டிப்பாக்குகிறது. ஜவுளிக் கடையின் காட்சிக் கண்ணாடிக்கு முன்னால், புடவை கட்டிய ஒரு பெண் தெருவைப் பார்த்தபடி நிற்கிறார் என்று கொள்ளலாம். கண்ணாடிக்கும் அவருக்கும் 1 மீட்டர். கண்ணாடிக்கும் கேமராவுக்கும் 4 மீட்டர். கேமராவிலிருந்து அவர் 3 மீட்டரில் இருக்கிறார், அவருடைய பிம்பம் கண்ணாடிக்குள் 1 மீட்டர் தள்ளி, 5 மீட்டரில் இருக்கிறது. ஆகவே பிம்பம் அவரைவிடச் சிறியது, ஐந்தில் மூன்று பங்கு. அதைவிட முக்கியமானது, அந்தப் பிம்பத்தில் தெரிவது அவருடைய முதுகு. பின்னலும், அதில் வைத்த மல்லிகைச் சரமும், ரவிக்கையின் பின்கழுத்தும் தெரிய வேண்டும். முன்னாலிருந்து எடுத்த படத்தில் இவை எதுவும் இல்லை. எந்த மென்பொருள் கட்டளையாலும் அந்தப் படத்திலிருந்து இவற்றை வரவழைக்க முடியாது.

அதனால் இங்கும் இரண்டாவது படம் வேண்டும். அதே பெண்ணை, அதே நிலையில், 5 மீட்டர் தொலைவில் பின்னாலிருந்து அதே உயரத்தில் கேமராவை வைத்து எடுத்து Flip Horizontal கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க மறந்தால் முந்தானை காட்டிக்கொடுத்துவிடும். இடது தோளில் போட்ட முந்தானை, நம்மைப் பார்த்து நிற்கும் பெண்ணுக்குப் படத்தின் வலப்பக்கம் இருக்கும். பிம்பத்திலும் அது வலப்பக்கமே இருக்க வேண்டும். திருப்பாத முதுகுப் படத்தில் அது இடப்பக்கம் போய்விடும். கடைப் பெயர்ப்பலகை, பனியன் எழுத்து, வண்டி எண் ஆகியவையும் இப்படித்தான் பிடிபடும்.

கண்ணாடியில் பெரும்பாலோர் தவறவிடுவது பிம்பம் எதை மறைக்கிறது என்பதை. சாதாரணக் கண்ணாடியின் ஒரு பரப்பு, நேராகப் பார்க்கும்போது சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்புகிறது. முன் பரப்பும் பின் பரப்பும் சேர்ந்து 8 சதவீதம். பகலில் தெரு பிரகாசமாகவும் கடை உள்ளே இருட்டாகவும் இருப்பதால் அந்த 8 சதவீதமே உள்ளே இருக்கும் பொம்மைகளையும் புடவைகளையும் மூடிவிடுகிறது. இப்போது ஒருவர் கண்ணாடி முன் வந்து நிற்கிறார். அவருடைய முதுகு கடைப்பக்கம், நிழலில் இருக்கிறது. அவர் தெருவின் வெளிச்சத்தை மறைப்பதால், அவருடைய உருவம் விழும் இடத்தில் கண்ணாடி தெளிந்து, கடை உள்ளே இருப்பது நன்றாகத் தெரியும். கண்ணாடியில் உள்ளே பார்க்க விரும்புபவர் இரு கையாலும் முகத்தருகே மறைத்துக்கொள்வதும் இதற்காகத்தான். தெருவின் பிரதிபலிப்பு இருக்கும் கண்ணாடிமேல் புதிய பிம்பத்தை Screen முறையில் போட்டால் நேர்மாறாக நடக்கும். அந்த முறை வெளிச்சத்தைக் கூட்ட மட்டுமே அறியும். அந்தப் பெண்ணின் பிம்பத்துக்குள் எதிர்ச் சாரிக் கட்டடமும் போகும் பேருந்தும் தெரியும், அவர் ஆவிபோல் ஆகிவிடுவார்.

இதைச் சரியாகச் செய்ய, உள்ளே இருப்பது மட்டும் தெரியும் ஒரு படம் கையில் இருக்க வேண்டும். படமெடுக்கும் நாளிலேயே, கேமராவை முக்காலியிலிருந்து அசைக்காமல், பெரிய கறுப்புத் துணியைக் கேமராவுக்குப் பின்னால் விரித்துப் பிடித்து இன்னொரு முறை எடுத்துக்கொண்டால் தெரு மறைந்து கடை உள்ளே மட்டும் பதியும். பிறகு அந்தப் பெண்ணின் பிம்ப வடிவத்துக்குள் தெரு இருக்கும் படத்தை மறைத்துக் கறுப்புத் துணிப் படத்தைக் காட்டி, அதன்மேல் முதுகுப் படத்தை மிக மங்கலாகச் சேர்க்க வேண்டும். போலரைசர் வடிகட்டி போட்டால் பிரதிபலிப்பு குறையும் என்பது உண்மை. ஆனால் அது கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்கும்போது, செங்குத்திலிருந்து 56 பாகை அளவில்தான் முழுதாக வேலை செய்யும். நேர் எதிரே நின்றால் பயனில்லை.

கண்ணாடிக்கே உரிய குறைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பலகை வைத்த குளிர்சாதன அறைக் கண்ணாடியில் பிம்பம் இரட்டையாக, ஒன்றுக்கொன்று சற்று விலகித் தெரியும். கெட்டிப்படுத்திய கண்ணாடியில் நேர்க்கோடு லேசாக நெளியும். அடுத்தடுத்த இரண்டு பலகைகள் இம்மியும் பிசகாமல் ஒரே தளத்தில் இருப்பது அரிது. ஆகவே சட்டத்தைத் தாண்டும் இடத்தில் பிம்பம் வெட்டுப்பட்டு இடம் மாறும். படத்தில் ஏற்கெனவே இருக்கும் மின்கம்பத்தின் பிம்பம் எவ்வளவு நெளிகிறது, எங்கே வெட்டுப்படுகிறது என்று பார்த்துப் புதிய பிம்பத்தையும் அப்படியே நெளித்து வெட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும் சோதிக்க ஒரு நல்ல முறை இருக்கிறது. தட்டையான கண்ணாடிமுன் ஒரு புள்ளியையும் அதன் பிம்பத்தையும் இணைக்கும் கோடு எப்போதும் கண்ணாடிக்குச் செங்குத்தாகவே இருக்கும். இப்படிப் பல புள்ளிகளுக்குக் கோடு போட்டால் அவை எல்லாம் ஒன்றுக்கொன்று இணையானவை. இணைகோடுகள் படத்தில் ஒரே புள்ளியை நோக்கிப் போகும், தொலைவில் தண்டவாளங்கள் சேர்வதுபோல. கேமராவை நேராகப் பிடித்து எடுத்த குளத்துப் படத்தில் அவை படத்திலும் செங்குத்தாகவே இருக்கும். ஜேம்ஸ் ஓப்ரையன், ஹானி ஃபரீத் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், ஒட்டுப் படங்களைக் கண்டுபிடிக்க இந்த விதியையே பயன்படுத்தினார்கள்.

சேர்த்தவருக்கும் அதே சோதனையைச் செய்யலாம். மூக்கு நுனி, கைக்கடிகாரம், சட்டைக் காலர் என்று மூன்று நான்கு இடங்களிலிருந்து பிம்பத்தில் அதே இடங்களுக்குக் கோடு போட வேண்டும். பக்கத்தில் உண்மையாக நின்றவர்களுக்கும் அப்படியே போட வேண்டும். எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளிக்குப் போனால் இடம் சரி. புதியவரின் கோடுகள் தமக்குள் மட்டும் சேர்ந்து, மற்றவர்களின் புள்ளியிலிருந்து விலகினால் பிம்பத்தை நகர்த்த வேண்டும். அவை தமக்குள்ளேயே சேராமல் சிதறினால், பிம்பத்துக்கு எடுத்துக்கொண்ட படமே தவறான கோணத்தில் இருக்கிறது, அதை மறுபடி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அலை உடைத்த தண்ணீரிலும் வளைந்த கண்ணாடியிலும் இந்தச் சோதனை செல்லாது.